தாம்பரத்துக் கோப்பும் யாழ்ப்பாணத்துக் கோப்பும்

கிழக்குத் தாம்பரத்தில் உள்ள ஒரு வங்கிக் கிளையிலும் நல்லூரில் உள்ள ஒரு வங்கிக் கிளையிலும் ஒரே வாரத்தில் ஒரு வீட்டுக் கடன் கோப்பு ஒப்புதலுக்குத் தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இடத்திலும் ஓர் அதிகாரி செக்லிஸ்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கோப்பைப் புரட்டுகிறார். அடையாள அட்டை, சம்பளச் சான்று, பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கம், வழக்கறிஞர் கருத்து, மதிப்பீட்டு அறிக்கை என்று தலைப்புகளும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அவர்கள் பயப்படும் விஷயம் வேறு. தாம்பரத்து அதிகாரியின் பயம், ஓர் அசல் பத்திரம் கைக்கு வராமல் போய்விடுமோ என்பது. நல்லூர் அதிகாரியின் பயம், தன் ஈடு தவறான பக்கத்தில் பதிவாகிவிடுமோ என்பது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால், செக்லிஸ்ட்டில் எந்த வரியில் நேரம் செலவிட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

இந்தியாவில் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், உரிமை ஆவணங்களை ஒப்படைப்பதையே ஓர் அடமானமாக ஏற்கிறது. சென்னை போன்ற அறிவிக்கப்பட்ட ஊரில், கடனுக்குப் பிணையாக வைக்கும் எண்ணத்தோடு பத்திரங்களைக் கடன் கொடுப்பவரிடம் கொடுத்தால் போதும். நிலம் வேறு ஊரில் இருந்தாலும் பரவாயில்லை. தமிழ்நாட்டில் அந்த ஒப்படைப்பைப் பற்றிய குறிப்பாவணத்தை சார்பதிவகத்தில் பதிவு செய்கிறார்கள். வங்கிக்காரர்கள் அதை ‘எம்.ஓ.டி.’ என்பார்கள். ஆக, வங்கியின் பிணை என்பது பெட்டகத்தில் இருக்கும் அந்தக் காகிதக் கட்டுதான். கட்டில் ஒன்று குறைந்தால் பிணையில் ஒரு துண்டு குறைகிறது.

இலங்கையில் அப்படி இல்லை. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், காணியைப் பற்றிய விற்பனையோ ஈடோ நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்கிறது. உறுதியைக் கையில் வாங்கி வைத்துக்கொள்வது மட்டும் அங்கே அடமானம் ஆகாது. நொத்தாரிசு எழுதிய ஈட்டு உறுதி, 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி காணிப் பதிவகத்தில் அந்தக் காணிக்கு உரிய பக்கத்தில் ஏற வேண்டும். அந்தப் பக்கத்தை ‘ஃபோலியோ’ என்கிறார்கள். யார் முதலில் பதிந்தார் என்பதைப் பொறுத்தே முன்னுரிமை. அங்கேயும் வங்கி அசல் உறுதிகளை வாங்கிப் பூட்டி வைக்கிறது. ஆனால் அதன் பலம் பூட்டிய பெட்டியில் இல்லை, பதிவகத்தின் பக்கத்தில் இருக்கிறது.

முதலில் தாம்பரத்துக் கோப்பைப் பார்ப்போம். நான் இங்கே சொல்வது ஒரு மாதிரிக் கோப்பு. எண்கள் உதாரணத்துக்கு. ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு கோளாறும் தென்சென்னைப் புறநகரில் கடன் பார்த்த யாருக்கும் பழக்கமானது.

செம்பாக்கத்தில் ஒரு பழைய வீடு விற்பனைக்கு வருகிறது. அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனை. விலை 80 லட்சம். வாங்குபவர்கள் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். 64 லட்சம் கடன் கேட்கிறார்கள். கோப்பில் எல்லாத் தாள்களும் இருக்கின்றன. 1996ஆம் ஆண்டின் தாய்ப்பத்திரம், விற்பவர் வாங்கிய 2008ஆம் ஆண்டின் கிரயப் பத்திரம், பட்டா, 1995 முதல் இன்று வரைக்குமான வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி, சொத்து வரி ரசீது, வழக்கறிஞர் கருத்து, பொறியாளரின் மதிப்பீடு. செக்லிஸ்ட்டில் எல்லாக் கட்டத்திலும் ‘உண்டு’ என்று குறி போடலாம். இப்படிக் குறி போட்டுத்தான் பல கோப்புகள் செயலாக்க மையத்துக்குப் போகின்றன, ஒரு வாரத்தில் திரும்பியும் வருகின்றன.

இந்தக் கோப்பில் முதலில் எடுக்க வேண்டியது வில்லங்கச் சான்றுதான். அதில் ‘வில்லங்கம் ஏதுமில்லை’ என்று வந்திருக்கிறது. வாடிக்கையாளருக்கு மகிழ்ச்சி. அதிகாரிக்கு இங்கே சந்தேகம் வர வேண்டும். முப்பது ஆண்டுச் சான்றில், விற்பவர் 2008இல் இந்த வீட்டை வாங்கிய கிரயம் எங்கே? அது பதிவான ஆவணம். அது சான்றில் தெரியாவிட்டால், தேடல் தவறான இடத்தில் நடந்திருக்கிறது என்று பொருள். காரணமும் எளிதில் கிடைக்கும். பத்திரங்களில் சர்வே எண் 214/3. பட்டாவில் உட்பிரிவு ஆகி 214/3B2. வில்லங்கத்துக்கு மனுப் போட்டவர் பட்டாவைப் பார்த்து 214/3B2 என்று மட்டும் கொடுத்திருக்கிறார். அந்த எண்ணில் இதுவரை எந்த ஆவணமும் பதிவாகவில்லை. அதனால் சான்று சுத்தமாக வந்திருக்கிறது. நகர நில அளவை நடந்த பகுதியாக இருந்தால் வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று இன்னொரு அடுக்கும் சேரும். சார்பதிவகங்கள் பிரிக்கப்பட்டபோது அலுவலகம் மாறிய கிராமம் என்றால், பழைய அலுவலகத்தின் காலத்தையும் சேர்த்துத் தேட வேண்டும்.

பழைய எண்ணையும் புதிய எண்ணையும் கொடுத்து மறுபடி தேடினால் மூன்று பதிவுகள் வருகின்றன. 1996 கிரயம், 2008 கிரயம், பிறகு 2012இல் இன்னொரு வங்கிக்கு உரிமை ஆவண ஒப்படைப்பு. அதற்கு எதிரான ரசீது ஆவணம் இல்லை. விற்பவரைக் கேட்டால், “அது எப்பவோ கட்டி முடிச்சாச்சு சார், பேங்க்ல லெட்டர் கூடக் கொடுத்திருக்காங்க” என்கிறார். கடிதம் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் பதிவேட்டின் கண்ணில் அந்த அடமானம் இன்னும் உயிரோடு இருக்கிறது. பழைய வங்கி ரசீது ஆவணம் எழுதிப் பதிவு செய்து கொடுத்தால்தான் அது அடைபடும். அதோடு, அடமானங்களுக்கான மத்தியப் பதிவேடான செர்சாயில் அந்தக் கடன் தீர்ந்ததாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் தேட வேண்டும். 2011 முதல் இயங்கும் அந்தப் பதிவேடு, ஒரே பத்திரத்தை வைத்துப் பல வங்கிகளில் கடன் வாங்கும் மோசடியைத் தடுக்க வந்தது. அங்கே தேடிய தாளை அச்செடுத்துக் கோப்பில் வைக்காமல் அடுத்த மேசைக்கு அனுப்பக் கூடாது.

அடுத்தது பத்திரச் சங்கிலி. 1996 பத்திரத்தில் எழுதிக்கொடுத்தவர்கள் ஒரு தாயும் இரண்டு மகன்களும். நிலம் தந்தை தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. அவர் 1993இல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். பத்திரத்தோடு இணைத்த வாரிசுச் சான்றில் நான்கு பெயர்கள் உள்ளன: மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். மகளின் கையெழுத்து பத்திரத்தில் இல்லை. விடுதலைப் பத்திரமும் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இலேயே மகளை முதல் வகுப்பு வாரிசாக வைத்துவிட்டது, ஆகவே நான்கில் ஒரு பங்கு இந்தக் கிரயத்தில் வந்து சேரவில்லை. இறந்தவரின் தாய் அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவரும் முதல் வகுப்பு வாரிசுதான். இதையும் பலர் கவனிப்பதில்லை. பூர்வீகச் சொத்தாக இருந்தால் கேள்வி இன்னும் கூர்மையாகும். தமிழ்நாட்டில் 1989இலேயே மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு வந்துவிட்டது. நாடு முழுதும் அது வந்தது 2005இல்.

இவ்வளவு ஆண்டு கழித்து அந்த மகள் வழக்குப் போட முடியுமா, காலவரம்பு தாண்டிவிட்டதா என்பதை அதிகாரி முடிவு செய்யக் கூடாது. அது வழக்கறிஞர் எழுத்தில் சொல்ல வேண்டியது. அதிகாரியின் வேலை, வழக்கறிஞர் கருத்தில் அந்தப் பெண்ணின் பெயர் பேசப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது. கருத்தில் ‘வாரிசுகள் அனைவரும் எழுதிக்கொடுத்துள்ளனர்’ என்று ஒரே வரியில் இருந்தால், வாரிசுச் சான்றில் உள்ள நான்கு பெயரையும் குறிப்பிட்டுக் கேள்வியாகத் திருப்பி அனுப்ப வேண்டும்.

எல்லா வேறுபாடும் கோளாறு இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 1996 பத்திரத்தில் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் என்று இருக்கும். 2008 பத்திரத்தில் காஞ்சிபுரம் மாவட்டம். இன்று எழுதப்போகும் பத்திரத்தில் செங்கல்பட்டு மாவட்டம். நிலம் நகரவில்லை. 1997இலும் 2019 நவம்பரிலும் மாவட்டம் பிரிந்தது, அவ்வளவுதான். அதேபோல் பழைய வரி ரசீதில் வேறொரு உள்ளாட்சியின் பெயர் இருக்கும். 2021இல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனதால், செம்பாக்கம், பல்லாவரம், பம்மல், பெருங்களத்தூர், மாடம்பாக்கம் எல்லாவற்றின் ரசீதும் இப்போது அந்தப் பெயரில் வருகிறது. இந்த ஊரின் நிர்வாக வரலாறு தெரியாத மைய அலுவலகத்து அதிகாரி இதையெல்லாம் கேள்வியாக எழுதி அனுப்புவார். கிளையில் இருப்பவர் முன்கூட்டியே இரண்டு வரி விளக்கம் எழுதி வைத்தால் ஒரு வாரம் மிச்சம்.

இனி கோப்பின் மிக முக்கியமான இடம். வழக்கறிஞர் பத்திரங்களைப் படிக்கிறார், மனையைப் பார்ப்பதில்லை. பொறியாளர் மனையைப் பார்க்கிறார், பத்திரங்களைப் படிப்பதில்லை. இரண்டு அறிக்கையையும் ஒரே மேசையில் விரிக்கும் ஒரே ஆள் இந்த அதிகாரிதான். அவர் விட்டால் வேறு யாரும் பிடிக்கப் போவதில்லை. ஒப்புதல் தருபவர் சுருக்கத்தை மட்டுமே படிப்பார்.

பத்திரத்தில் 1,200 சதுர அடி. பட்டாவில் பரப்பு 1.00 ஏர். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 1,076 சதுர அடி. பொறியாளர் தன் அறிக்கையின் வரைபடத்தில் நாலு பக்கமும் அளந்து 1,085 சதுர அடி என்று போட்டிருக்கிறார். ஆனால் மதிப்புக் கணக்குப் பக்கத்தில் பத்திரத்தின் 1,200ஐ எடுத்துக்கொண்டு, சதுர அடிக்கு 5,000 ரூபாய் வீதம் 60 லட்சம் என்று முடித்துவிட்டார். பட்டா அளவுப்படி பார்த்தால் நிலத்தின் மதிப்பு 53.80 லட்சம்தான். கட்டடத்துக்கு அவர் போட்டது 20 லட்சம். அனுமதி வரைபடத்தில் தரைத்தளம் 750 சதுர அடி மட்டும் இருக்கிறது. மேலே 400 சதுர அடியில் ஒரு மாடி எழுப்பியிருக்கிறார்கள், அதற்கு அனுமதி இல்லை. மாடிக்குப் போட்ட 6 லட்சத்தைக் கழித்தால் கட்டடம் 14 லட்சம். மொத்த மதிப்பு 67.80 லட்சமாக இறங்குகிறது.

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சம். 80 லட்சத்துக்கு 64 லட்சம் கேட்டது அந்தக் கணக்கில்தான். 67.80 லட்சத்துக்கு 54.24 லட்சம்தான் வரும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இந்த அளவுக் கடனில் சொத்தின் விலையோடு சேர்வதில்லை. தமிழ்நாட்டில் 7 சதவீதமும் 2 சதவீதமும் சேர்த்து 80 லட்சத்துக்கு 7.20 லட்சம் ஆகிறது. அதுவும் கைக்காசு. தம்பதி 23.20 லட்சம் தேவை என்று நினைத்துச் சேர்த்து வைத்திருந்தார்கள். உண்மையில் தேவைப்படுவது 32.96 லட்சம். கிட்டத்தட்ட பத்து லட்சம் குறைகிறது. இதை ஒப்புதலுக்கு முன் அவர்களிடம் சொல்வதுதான் நியாயம். முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டபின், பதிவுக்கு நாள் குறித்தபின் சொன்னால் அவர்கள் தனி வட்டிக்கு வாங்குவார்கள். அந்தக் கடன் எந்தக் கோப்பிலும் தெரியாது.

இந்தக் கோப்பில் எழாத கேள்விகள் சில இந்தப் பகுதியின் பிற கோப்புகளில் எழும். மனைப்பிரிவு அனுமதி பெறாததாக இருந்தால், 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைகளுக்கான 2017 திட்டத்தின் கீழ் வரன்முறை ஆணை உண்டா என்று பார்க்க வேண்டும். ஏரிக்கரையை ஒட்டிய நிலமென்றால், பட்டாவைத் தாண்டி புல வரைபடத்தில் நீர்நிலையின் எல்லையைப் பார்க்க வேண்டும். விமானப்படைத் தளத்தை ஒட்டிய மனையென்றால் கட்டுவதற்குத் தடையின்மைச் சான்று தேவைப்படுமா என்று கேட்க வேண்டும்.

இப்போது நல்லூர்க் கோப்பு. இங்கேயும் ஒரு தம்பதி. கோண்டாவிலில் மனைவிக்குச் சீதனமாக வந்த இரண்டு பரப்புக் காணியை ஈடு வைத்து வீடு கட்டக் கடன் கேட்கிறார்கள். ஒரு பரப்பு பத்துப் பேர்ச்சஸ், 2,722.5 சதுர அடி. கோப்பில் சீதன உறுதி, அதற்கு முந்திய உறுதிகள், நில அளவையாளரின் படம், காணிப் பதிவகத்திலிருந்து எடுத்த ஃபோலியோப் பிரதிகள், பிரதேச சபையின் சான்றுகள், சட்டத்தரணியின் உரிமை அறிக்கை.

இங்கே அதிகாரி முதலில் ஃபோலியோப் பிரதியைத்தான் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் வில்லங்கச் சான்று என்பது யாரோ தேடிக் கொடுத்த விடை. கேள்வி தவறானால் விடையும் தவறு. இலங்கையில் கையில் வருவது பதிவேட்டுப் பக்கத்தின் நகல். காணியின் பெயர், எல்லைகள், அடுத்தடுத்த உறுதிகள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். பக்கம் நிரம்பினால் எந்தப் பக்கத்துக்குத் தொடர்கிறது என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். ஆகவே இங்கே ஆபத்து வேறு விதமானது. ஓர் உறுதி எழுதிய நொத்தாரிசு முந்திய பதிவின் இலக்கத்தைச் சரியாகக் குறிக்காமல் விட்டால், பதிவகம் அதற்குப் புதுப் பக்கம் திறந்துவிடும். காணி ஒன்று, பக்கம் இரண்டு. வங்கி ஒரு பக்கத்தைப் பார்த்துச் சுத்தம் என்று நினைக்கும்போது மற்றப் பக்கத்தில் இன்னோர் ஈடு உட்கார்ந்திருக்கலாம். உரிய பக்கத்தில் ஏறாத பதிவு முறையான பதிவாகக் கருதப்படாமல் போனால், முன்னுரிமையும் போய்விடும். அதைக் கண்டுபிடிக்கும் வழி, ஒவ்வொரு உறுதியின் பின்னால் பதிவகம் இட்ட தொகுதி, பக்க எண்ணை எடுத்து, அடுத்த உறுதியில் சொல்லப்பட்ட எண்ணோடு ஒப்பிட்டுக்கொண்டே பின்னோக்கிப் போவது. ஓரிடத்தில் எண் அறுந்தால் அங்கே நின்று விசாரிக்க வேண்டும்.

தாம்பரத்து அதிகாரிக்கு வராத ஒரு கேள்வி யாழ்ப்பாணத்தில் கட்டாயம் வரும். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் பெயரில் உள்ள காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். சீதனக் காணி அவளுடையதுதான், ஆனாலும் கையெழுத்து இரண்டு வேண்டும். கடனுக்கு இருவரும் விண்ணப்பதாரர் என்பது போதாது. ஈட்டு உறுதியிலேயே கணவன் சம்மதித்துக் கையொப்பமிட வேண்டும். இது ஒரு பெண்ணின் சொத்துரிமையைக் கட்டுப்படுத்தும் விதி என்பதே என் எண்ணம். மாற வேண்டிய விதி. ஆனால் நடைமுறையில் உள்ளவரை, அந்தக் கையெழுத்து இல்லாத ஈடு வங்கிக்கு ஆபத்து என்பதை அதிகாரி மறக்க முடியாது. திருமணத்துக்குப் பின் சம்பாதித்து வாங்கிய காணி என்றால் அது தேடியதேட்டம். உறுதி ஒருவர் பெயரில் இருந்தாலும் மற்றவரின் உரிமை பற்றிய கேள்வி அதில் எழும். பங்காளிகள் சேர்ந்து வைத்திருக்கும் காணியில் ஒருவர் தன் பங்கை விற்றிருந்தால், 1947ஆம் ஆண்டின் முன்வாங்கல் உரிமைச் சட்டத்தின்படி மற்றப் பங்காளிகளுக்கு அறிவித்தல் கொடுக்கப்பட்டதா என்று தேட வேண்டும். ஆகவே யாழ்ப்பாணக் கோப்பில் திருமணச் சான்றிதழின் தேதியும் உறுதியின் தேதியும் அருகருகே வைத்துப் பார்க்கப்பட வேண்டிய இரண்டு தாள்கள். தாம்பரத்தில் திருமணச் சான்று பெரும்பாலும் உறவைக் காட்டும் தாளாக மட்டுமே கோப்பில் கிடக்கிறது.

அளவுக்கு வருவோம். உறுதியில் இரண்டு பரப்பு, அதாவது இருபது பேர்ச்சஸ். புதிதாக அளந்த படத்தில் 18.6 பேர்ச்சஸ். வேலி நகர்ந்திருக்கலாம், ஒழுங்கை அகன்றபோது கொஞ்சம் போயிருக்கலாம். யாழ்ப்பாணத்து உறுதிகளில் காணியோடு கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் பாத்தியமும் எழுதப்பட்டிருக்கும். பின்வீட்டுக்காரர் முன்வீட்டுக் கிணற்றில் தண்ணீர் அள்ளும் உரிமை அந்த ஒரு வரியில் இருக்கிறது. கூர்மையான அதிகாரி அங்கே கேட்கும் கேள்வி, “ஐயா, உந்தக் கிணறு இப்ப ஆற்ற வளவுக்குள்ள நிக்குது?” என்பதுதான். படத்தில் கிணறு அடுத்த வளவுக்குள் இருந்து, பாதை எங்கேயும் காட்டப்படாவிட்டால், அந்தக் காணியை வங்கி ஏலத்தில் விட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். தாம்பரத்தில் இதற்கு இணையான கேள்வி தெருவைப் பற்றியது. மனைப்பிரிவின் தெருக்கள் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் கொடுக்கப்பட்டனவா? கொடுக்காத தெரு இன்னும் மனை போட்டவரின் சொத்து. பெரும்பாலான வழக்கறிஞர் கருத்துகளில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. யாழ்ப்பாணத்தாரிடமிருந்து தாம்பரத்தார் எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கம் இது.

இலங்கையில் எல்லாக் காணியும் இந்த முறையில் இல்லை. 1998ஆம் ஆண்டின் உரிமைப் பதிவுச் சட்டத்தின் கீழ், பிம் சவிய திட்டத்தில் அளக்கப்பட்ட பிரிவுகளில் உரிமைச் சான்றிதழே உரிமை. பழைய உறுதிச் சங்கிலியை அங்கே தேட வேண்டியதில்லை. மறுபக்கம் வன்னியில் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப்பத்திரத்தில் இருக்கும் காணிகள் உண்டு. அனுமதிப்பத்திரத்தை உறுதியாக எண்ணிக் கோப்பை நகர்த்தக் கூடாது. போரில் உறுதி தொலைந்தவர்களின் நிலையும் இங்கே தனியாகப் பார்க்கப்பட வேண்டியது. நொத்தாரிசு தன்னிடம் ஒரு பிரதி வைத்துக்கொண்டு இன்னொன்றைப் பதிவகத்துக்கு அனுப்புவதால், அத்தாட்சிப்படுத்திய பிரதி பெறப் பல நேரங்களில் வழி இருக்கிறது. ஈடு புதிதாக எழுதப்படுவதால் அந்தப் பிரதியை வைத்தும் வேலையைத் தொடங்க முடிகிறது. தாம்பரத்தில் அசல் தொலைந்தால் காவல்துறையின் ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ சான்று, பத்திரிகை விளம்பரம், சார்பதிவகத்தின் சான்றிட்ட நகல் என்று ஒரு நீண்ட வழி போக வேண்டும். அப்போதும் கேள்வி மிச்சமிருக்கும்: தொலைந்ததா, வேறு எங்காவது அடகில் இருக்கிறதா? ஒப்படைப்பே பிணையாக இருக்கும் நாட்டில் அந்தச் சந்தேகம் கொடுமையாகத் தோன்றினாலும் தவிர்க்க முடியாதது.

ஆள் அடையாளத்தில் இரண்டு நாட்டு எண்களும் அதிகாரிக்கு உதவுகின்றன, அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. இலங்கை அடையாள அட்டை எண்ணிலேயே பிறந்த ஆண்டும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கும். பெண்ணென்றால் நாளோடு 500 கூட்டப்படும். 1975 மார்ச் 12இல் பிறந்த பெண்ணின் பழைய எண் 75572 என்று தொடங்கும். பிப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் வைத்து எண்ணுவதால் 31, 29, 12 சேர்ந்து 72, அதோடு 500. புதிய பன்னிரண்டு இலக்க எண் 1975572 என்று தொடங்கும். விண்ணப்பத்தில் பிறந்த தேதி வேறாக இருந்தால் உடனே தெரிந்துவிடும். உறுதியில் பழைய எண், விண்ணப்பத்தில் புதிய எண் என்று இருந்தாலும் இருவரும் ஒருவர்தானா என்று இதை வைத்து ஓரளவு பார்க்கலாம்.

இந்தியாவின் பான் எண்ணில் நான்காவது எழுத்து தனிநபருக்கு P. ஐந்தாவது எழுத்து கடைசிப் பெயரின் முதல் எழுத்து. நம் ஊரில் இதுதான் தலைவலியும் கூட. ‘சு. முருகன்’ என்று பத்திரத்தில் இருப்பவர், பான் அட்டையில் தந்தை பெயரைக் கடைசிப் பெயராக்கி ‘முருகன் சுப்ரமணியன்’ ஆகிறார். அப்போது ஐந்தாவது எழுத்து S. தன் பெயரையே கடைசிப் பெயராகக் கொடுத்திருந்தால் M. ஐந்தாவது எழுத்தை வைத்து அவர் எந்தப் பெயரை எந்த இடத்தில் எழுதினார் என்று கண்டுகொள்ளலாம். இரண்டும் ஒருவரே என்ற உறுதிமொழியைக் கிரயத்துக்கு முன்பே வாங்கி, கிரயப் பத்திரத்தில் பான் அட்டையில் உள்ளபடி பெயரை எழுதச் சொல்லலாம். பதிவான பிறகு சொன்னால் பிழைத்திருத்தப் பத்திரம் போட வேண்டியிருக்கும்.

வருமானத் தாள்களில் தாம்பரத்துக் கோப்புக்கு ஒரு வசதி உண்டு. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கில் வரவான தொகை, படிவம் 16, வருமான வரித் தளத்தில் கிடைக்கும் படிவம் 26ஏ.எஸ். ஆகிய நான்கையும் காலாண்டு வாரியாகப் பக்கத்தில் வைத்தால், போலிச் சம்பளச் சீட்டு பெரும்பாலும் 26ஏ.எஸ்.ஸில்தான் மாட்டும். வரி பிடித்தம் செய்யப்படாத சிறு தொழில் வருமானத்துக்கு இந்தச் சோதனை உதவாது.

இரண்டு நாட்டிலும் பொதுவான ஓர் இடைவெளி இருக்கிறது. தாம்பரத்தில் சார்பதிவகத்தில் நிலுவையில் வைக்கப்பட்ட ஆவணம் முடியும்வரை வில்லங்கச் சான்றில் தெரியாது. யாழ்ப்பாணத்தில் பதிவகத்தில் கொடுக்கப்பட்டும் இன்னும் ஃபோலியோவில் ஏறாத உறுதி நகலில் தெரியாது. அதற்காகத்தான் அங்கே அனுபவமுள்ள சட்டத்தரணிகள் பதிவகத்தின் நாளேட்டையும் பார்க்கிறார்கள். தாம்பரத்தில் இதற்கு ஒரே வழி, பதிவு நாளுக்கு முந்தின நாள் மறுபடி வில்லங்கம் எடுப்பது, பிறகு வங்கியின் ஒப்படைப்பு ஆவணம் பதிவான சான்றை எடுத்துக் கோப்பில் சேர்ப்பது.

செம்பாக்கத்துக் கோப்பைத் திருப்பி அனுப்பும் குறிப்பில் ஐந்து வரி போதும். பழைய, புதிய சர்வே எண் இரண்டிலும் வில்லங்கம் எடுத்து இணைத்தல். 2012 ஒப்படைப்புக்கு ரசீது ஆவணமும் செர்சாய் தீர்வும். 1993 இறப்புக்குப் பின் மகளின் பங்கு குறித்து வழக்கறிஞரின் எழுத்து விளக்கம். பட்டா அளவிலும் அனுமதி பெற்ற பரப்பிலும் மட்டும் மதிப்பீட்டைத் திருத்துதல். திருத்திய தொகையைத் தம்பதியிடம் சொல்லி, மீதிப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதற்கான கணக்கு விவரம். ஒவ்வொன்றுக்கும் யார் கொண்டுவர வேண்டும் என்று பெயர் குறித்துவிட்டால் விற்பவர் வாங்குபவரைக் காட்டி, வாங்குபவர் தரகரைக் காட்டி நாள் போகாது.

அதே குறிப்போடு ஒப்படைக்கப்படும் அசல் பத்திரங்களின் பட்டியலும் தயாராக வேண்டும். ஆவண எண், ஆண்டு, பக்க எண்ணிக்கை, அசலா நகலா என்று ஒவ்வொன்றுக்கும் எழுதி, தம்பதியிடம் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். 2023 செப்டம்பரில் வந்த ரிசர்வ் வங்கி உத்தரவின்படி, கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தராவிட்டால், தாமதத்துக்கு வங்கி காரணமாக இருந்தால் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் ஈட்டுத்தொகை. இருபது ஆண்டு கழித்து அந்தக் கிளையில் யாரும் இவர்களை நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். எந்தக் கட்டில் எத்தனை பத்திரம் இருந்தது என்பதற்கு இந்தப் பட்டியல் மட்டுமே சாட்சி. கோண்டாவில் தம்பதிக்கு வேண்டியது வேறு. கடன் தீர்ந்ததும் ஈட்டை விடுவிக்கும் உறுதியை நொத்தாரிசு எழுதி, ஈடு ஏறிய அதே ஃபோலியோவில் அதையும் பதிய வேண்டும். அதனால் ஈடு பதிவான தொகுதி, பக்க எண்ணை நல்லூர் அதிகாரி கோப்பின் முதல் தாளிலேயே எழுதி வைக்க வேண்டும்.